பன்னிரண்டு நாள் தாமதத்தில் ஏழு நாள் யாருடையது? ராயபுரத்திலிருந்து ஜெர்மனிக்குப் போன 2,000 யூரோ

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிய பணம் சொன்ன நாளில் போய்ச் சேராவிட்டால், நிறுவனத்தின் பதில் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: “பணம் எங்களிடமிருந்து போய்விட்டது, இடையில் உள்ள வங்கியில் நிற்கிறது, அது எங்கள் கையில் இல்லை.” பாதிப் புகார்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. புகார் கொடுப்பவர் கோபத்தை எழுதுகிறார், தேதிகளைக் கேட்பதில்லை. பணம் எந்த நாள், எந்த மேஜையில் கிடந்தது என்று காட்ட முடிந்தால்தான் இழப்பீட்டுக்கு வழி பிறக்கும். அதைக் காட்டிய ஒரு கணக்கு இங்கே விரிவாக. இத்தகைய புகார்களில் திரும்பத் திரும்ப வரும் அம்சங்களை ஒரே நிகழ்வாக அமைத்திருக்கிறோம். கணக்குப் போட எளிதாக இருக்கட்டும் என்று ஒரு யூரோவை 100 ரூபாயாக வைத்திருக்கிறோம்.

நடந்தது

அனுப்பியவர் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் குடியிருக்கும், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் ஜெர்மனியில் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிறார். வீட்டு முன்பணமும் முதல் மாதச் செலவும் சேர்த்து 2,000 யூரோ வேண்டும். மண்ணடியில் கவுன்டர் வைத்திருக்கும் ஒரு பணப்பரிமாற்ற நிறுவனத்தின் செயலி வழியாக, திங்கட்கிழமை காலை 11:40-க்குத் தன் வங்கிக் கணக்கிலிருந்து நெஃப்ட்டில் பணம் கட்டினார். அந்தத் திங்களை முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம்.

ரசீதில் இருந்தது இது: 2,000 யூரோவுக்கு ரூ.2,00,000. சேவைக் கட்டணம் ரூ.500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.90. நாணய மாற்றுக்கான ஜிஎஸ்டி ரூ.270. மொத்தம் ரூ.2,00,860. இந்த 270 எப்படி வந்தது என்று பலர் குழம்புவார்கள். நாணய மாற்றில் ஜிஎஸ்டி முழுத் தொகைக்குப் போடப்படுவதில்லை. முதல் லட்சத்துக்கு ஒரு சதவீதம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை அரை சதவீதம் என்று ஒரு மதிப்பு கணக்கிடுவார்கள். இங்கே அது 1,000 + 500 = 1,500. அதில் 18 சதவீதம் 270. ரசீது சரிதான். அதே ரசீதில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. “2 வேலை நாட்களில் சேரும்” என்பது ஒன்று, “பயனாளிக்கு முழுத் தொகை” என்பது இன்னொன்று. பின்னால் புகாரைத் தாங்கிப் பிடித்தவை இந்த இரண்டு வரிகளும்தான்.

மூன்றாம் நாள் புதன்கிழமை பணம் சேர்ந்திருக்க வேண்டும், சேரவில்லை. செயலியில் ‘Processing’ என்றே நின்றது. ஐந்தாம் நாள் வெள்ளியன்று வீட்டு முன்பணத்துக்குக் கெடு. மகள் தன் சம்பளக் கணக்கின் ஓவர்டிராஃப்டிலிருந்து 1,500 யூரோ எடுத்துக் கட்டினார். ஒன்பதாம் நாள் இன்னொரு கட்டாயச் செலவு வந்தது. ஓவர்டிராஃப்டிலும் இடம் இல்லாததால், அப்பா தன் சொந்த வங்கி மூலமாக 500 யூரோ அவசரமாக அனுப்பினார். முதல் பணம் பதினைந்தாம் நாள் திங்கட்கிழமைதான் கணக்கில் விழுந்தது. அதுவும் 1,980 யூரோவாக.

சொன்ன நாளுக்கும் சேர்ந்த நாளுக்கும் இடையில் பன்னிரண்டு நாள். நிறுவனம் முதலில் தர முன்வந்தது, அடுத்த முறை அனுப்பும்போது பயன்படுத்திக்கொள்ள ஒரு கூப்பன்.

புகார் யார் மேல்?

இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் எழுதும் புகார் மாதக்கணக்கில் சுற்றும். இந்தியாவிலிருந்து குடும்பச் செலவுக்கு வெளிநாட்டுக்குப் பணம் போவது ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அதற்கு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பமான ஏ2 படிவமும், பணம் எதற்கு என்பதைக் காட்டும் நோக்கக் குறியீடும் வேண்டும். குடும்பப் பராமரிப்புக்கு `S1301`. கவுன்டர் மண்ணடியில் இருந்தாலும், செயலியின் பெயர் என்னவாக இருந்தாலும், பணத்தை நாட்டுக்கு வெளியே அனுப்புவது அந்நியச் செலாவணி உரிமம் பெற்ற ஒரு வங்கி. அந்த வங்கியின் பெயர் ஏ2 படிவத்திலும் ரசீதின் அடியில் சின்ன எழுத்திலும் இருக்கும்.

கடைப் பலகையில் பெரிய பன்னாட்டுப் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அத்தகைய கவுன்டர்கள் பெரும்பாலும் எம்டிஎஸ்எஸ் என்ற ஏற்பாட்டில் இயங்குபவை. அது வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை இங்கே பட்டுவாடா செய்ய மட்டுமே. அந்த வழியில் இங்கிருந்து வெளியே அனுப்ப முடியாது. எனவே அனுப்பிய பணத்துக்கான புகாரை அந்தப் பலகையின் பேருக்கு எழுதினால் “இது எங்கள் பரிவர்த்தனை இல்லை” என்று திரும்பி வரும், அது பொய்யும் அல்ல. ரசீதே இல்லாமல் ஹவாலா எனப்படும் உண்டியல் வழியில் கொடுத்த பணத்துக்கு இந்தக் கட்டுரையில் எதுவும் பொருந்தாது. ஏ2 படிவம் இல்லாத பணத்துக்குப் புகார் எழுதுவது, அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறியதற்குத் தானே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் ஆகிவிடும்.

இந்த நிகழ்வில் கடிதம் இருவருக்கும் போனது. செயலி நடத்தும் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒன்று, ஏ2 படிவத்தில் பெயர் இருந்த வங்கியின் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அதே கடிதத்தின் நகல். அப்படிச் செய்ததற்குக் காரணம், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் போக வேண்டி வந்தால் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, “ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் புகார் கொடுத்தீர்களா?” என்பதுதான்.

பணம் எங்கே நின்றது

பணம் நான்கு கை மாறுகிறது. வாடிக்கையாளரிடமிருந்து நிறுவனத்துக்கு, நிறுவனத்திடமிருந்து அனுப்பும் வங்கிக்கு, அங்கிருந்து யூரோவைக் கையாளும் இடைநிலை வங்கிக்கு, கடைசியில் மகளின் வங்கிக்கு. முதல் இரண்டில் தாமதம் என்றால் பெரும்பாலும் பான் பொருந்தாதது, ஏ2-வில் கையொப்பம் விடுபட்டது, நெஃப்ட் வேறொருவர் கணக்கிலிருந்து வந்தது போன்றவை. கடைசிக் கையில் என்றால் மகளின் சர்வதேசக் கணக்கு எண்ணான ஐபேனில் பிழை. ஜெர்மனியின் ஐபேன் `DE` என்று தொடங்கி மொத்தம் 22 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அதில் சரிபார்ப்பு எண் உள்ளே இருப்பதால் ஒரு எண்ணைத் தவறாக அடித்தால் செயலியே பெரும்பாலும் ஏற்காது. ஆகவே ஏற்றுக்கொள்ளப்பட்டு, போய்விட்டு, வழியில் நிற்கும் பணம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூன்றாவது கை.

மூன்றாவது கையில் நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் அடிக்கடி வரும் ஒரு சிக்கல் உண்டு, இனிஷியல். நமக்குப் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து போதும். ஜெர்மன் வங்கியில் மகளின் கணக்கு பாஸ்போர்ட்படி திறக்கப்பட்டிருக்கும். அங்கே அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். செயலியில் பயனாளி பெயராக ஒரு எழுத்தையும், ஊருக்கு ஆயிரம் பேர் வைத்திருக்கும் ஒரு பெயரையும் அடித்தால் இரண்டு விஷயம் நடக்கும். கணக்கின் பெயரோடு அது ஒட்டாது. அத்துடன், தடைப்பட்டியலில் உள்ள யாரோ ஒருவரின் பெயரோடு அரைகுறையாகப் பொருந்தி, கணினி செய்தியை நிறுத்திவிடும். பெயர் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு அதிகமாக இப்படிப் பொய்ப் பொருத்தம் விழும். அப்போது இடைநிலை வங்கி, “பயனாளியின் முழுப் பெயரும் பிறந்த தேதியும் அனுப்புங்கள்” என்று அனுப்பிய வங்கிக்குக் கேள்வி எழுதும். பதில் போனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வேலை நாளில் விடுவிப்பார்கள். பதில் போகாவிட்டால் பணம் அங்கேயே இருக்கும். யாரும் இரண்டாம் முறை மணி அடிக்க மாட்டார்கள்.

இங்கே நடந்ததும் அதுவே. ஆனால் இது எப்படித் தெரியவந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எட்டாம் நாள் எழுதிய முதல் மின்னஞ்சலில் கேட்டது ஒன்றே ஒன்று: `UETR`. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் ஒன்றுக்கொன்று எழுதும் ஒவ்வொரு ஸ்விஃப்ட் பணச் செய்திக்கும் இந்த 36 எழுத்து அடையாளம் கட்டாயம் இருக்கும், வழி முழுக்க மாறாது. இந்த வடிவில் இருக்கும்:

```
xxxxxxxx-xxxx-4xxx-yxxx-xxxxxxxxxxxx
```

மூன்றாவது கூட்டத்தின் முதல் எழுத்து எப்போதும் 4. நிறுவனம் கொடுப்பது இந்த வடிவில் இல்லாவிட்டால், அது அவர்களின் உள் ரசீது எண், ஸ்விஃப்ட் அடையாளம் அல்ல. செய்தியே இன்னும் கிளம்பவில்லை என்பதற்கும் அது அறிகுறியாக இருக்கலாம். கவுன்டரில் இருந்த பையன் “அண்ணே, சர்வர் ஸ்லோ, நாளைக்கு வந்துடும்” என்றுதான் மூன்று நாளும் சொன்னான். அவன் மேல் குற்றம் இல்லை, அவனுக்குத் தெரியும் திரையில் ‘Processing’ என்பதற்கு மேல் எதுவும் வராது. யூஇடிஆர் கொடுக்க முடிந்தவர் அனுப்பிய வங்கியின் வெளிநாட்டுப் பணப் பிரிவில்தான் இருப்பார்.

பத்தாம் நாள் யூஇடிஆர் வந்தது. கூடவே, வழக்கமான பதில்: “இடைநிலை வங்கியில் ஆய்வில் உள்ளது, எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.” பதினொன்றாம் நாள் வியாழன் காலை இன்னொரு மின்னஞ்சல். மகளின் முழுப் பெயரும் பிறந்த தேதியும் உடனே வேண்டுமாம். இரண்டு மணி நேரத்தில் பாஸ்போர்ட் முதல் பக்கத்தோடு பதில் போனது. வெள்ளியன்று வங்கி அதை மேலே அனுப்பியது. சனி, ஞாயிறு கழித்துத் திங்களன்று பணம் விழுந்தது.

பதினொன்றாம் நாள் வந்த அந்த மின்னஞ்சலைக் கீழே வரை இழுத்துப் பார்த்ததுதான் வழக்கைத் திருப்பியது. மேலே நான்கு வரி வாடிக்கையாளர் சேவைக் கடிதம். அதற்குக் கீழே, அழிக்க மறந்த பழைய உரையாடல் அப்படியே தொங்கியது. வங்கியிலிருந்து நிறுவனத்துக்கு ஒரு முன்னனுப்பல், அதற்குக் கீழே இடைநிலை வங்கியின் கேள்வி. கேள்வி வங்கிக்கு வந்தது நான்காம் நாள் வியாழன். அதை நிறுவனத்துக்கு முன்னனுப்பியது அதே நாள் பிற்பகல் 12:20. அதாவது வங்கி அன்றே தள்ளிவிட்டது. நிறுவனத்தின் பெட்டியில் முழுசாக ஏழு நாள் கிடந்திருக்கிறது. “எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை” என்று பத்தாம் நாள் அவர்கள் எழுதியபோது, கேள்வி அவர்களிடமே ஆறு நாளாக இருந்தது.

இப்படி எல்லோருக்கும் அதிர்ஷ்டம் வாய்க்காது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. பலரும் “ஏன் நிறுத்தினீர்கள்?” என்று கேட்டுச் சுவரில் முட்டுவார்கள். சந்தேகப் பரிவர்த்தனை தொடர்பான விஷயங்களை வாடிக்கையாளரிடம் வெளியிடக் கூடாது என்று பணமோசடித் தடுப்பு விதிகள் சொல்கின்றன. அதனால் “காரணம் சொல்ல முடியாது” என்பது எல்லா நேரத்திலும் சாக்கு அல்ல. ஆனால் தேதிக்கு அந்தத் தடை பொருந்தாது. “கேள்வி உங்களுக்கு எந்தத் தேதி வந்தது? என்னிடம் எந்தத் தேதி கேட்டீர்கள்? என் பதிலை எந்தத் தேதி மேலே அனுப்பினீர்கள்?” இந்த மூன்றையும் காரணம் கேட்காமல் கேட்டால், மறுக்க நிறுவனத்துக்கு நியாயமான வழி இல்லை.

எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது

இழப்பீட்டுக் கணக்கைக் கூட்டத் தொடங்கும் முன் ஒரு பொதுவான தவறு. “ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதே” என்று பலர் எழுதுகிறார்கள். 2019 செப்டம்பரில் வந்த அந்தச் சுற்றறிக்கை யுபிஐ, ஐஎம்பிஎஸ், ஏடிஎம் போன்ற உள்நாட்டுப் பரிவர்த்தனைகளுக்கானது. அனுப்புபவரும் பெறுபவரும் இந்தியாவில் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போன பணத்துக்கு அதை மேற்கோள் காட்டினால், எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியை மறுத்துவிட்டு மீதிக் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளும். இங்கே நாள் கணக்கில் எந்தத் தொகையும் விதியாகக் கிடையாது. உண்மையான நட்டத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பன்னிரண்டு நாளுக்கும் நிறுவனத்தைப் பிடிக்கக் கூடாது. பெயரை இனிஷியலோடு அடித்தது வாடிக்கையாளர். இடைநிலை வங்கி கேள்வி கேட்டது அதன் கடமை. நிறுவனம் அன்றே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வேண்டும். வியாழன் கேள்வி, வெள்ளி பதில், திங்கள் பணம். அப்படியானால் எட்டாம் நாளே சேர்ந்திருக்கும். பதினைந்துக்கும் எட்டுக்கும் இடையில் உள்ள ஏழு நாள்தான் நிறுவனத்தின் கணக்கு. “மீதி ஐந்து நாளுக்கு நாங்கள் எதுவும் கேட்கவில்லை” என்று கடிதத்தில் எழுதியதே அந்த ஏழு நாளை மறுக்க முடியாததாக்கியது. எங்கள் அனுபவத்தில், தன் பங்கை ஒப்புக்கொள்ளும் புகார்தான் மேசையில் முதலில் நகர்கிறது.

இனி தொகை. வந்து சேராத 20 யூரோ முதலில். ரசீதில் ‘முழுத் தொகை’ என்று வாக்குறுதி. அதாவது எல்லா வங்கிகளின் கட்டணமும் அனுப்புபவர் பக்கம், ஸ்விஃப்ட் செய்தியில் `OUR` என்று போயிருக்க வேண்டும். செய்தியின் நகலைக் கேட்டு வாங்கியபோது `SHA` என்று இருந்தது, அதாவது வழியில் உள்ளவர்கள் தொகையிலேயே கழித்துக்கொள்ளலாம். ஆகவே ரூ.2,000 நேரடியாகத் திரும்ப வேண்டும். இதற்கும் தாமதத்துக்கும் தொடர்பே இல்லை. பணம் நேரத்துக்குச் சேர்ந்திருந்தாலும் இது குறைந்திருக்கும். தாமதக் கோபத்தில் பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது ஓவர்டிராஃப்ட் வட்டி. மகள் ஐந்தாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை 1,500 யூரோவுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் கட்டினார். நிறுவனத்தின் பங்கு ஏழு நாள் மட்டும்: 1,500 × 12% × 7 ÷ 365, ஏறத்தாழ 3.45 யூரோ, ரூ.345. சின்னத் தொகைதான். ஆனால் வங்கி அறிக்கையோடு வைத்த சின்னத் தொகைக்கு இருக்கும் பலம், ஆதாரம் இல்லாத பெரிய தொகைக்கு இல்லை. இதே 2 லட்சத்துக்கு இங்கேயும் சேமிப்பு வட்டி கேட்கலாமே என்று தோன்றும். கேட்கக் கூடாது, ஒரே பணத்துக்கு இரண்டு வட்டி ஆகிவிடும்.

ஒன்பதாம் நாள் அவசரமாக அனுப்பிய 500 யூரோவின் செலவு மூன்றாவது. வங்கிக் கட்டணம் 1,000, அதன் ஜிஎஸ்டி 180, ரூ.50,000-க்கான மாற்று ஜிஎஸ்டி 90. மொத்தம் ரூ.1,270. நிறுவனம் ஏழு நாள் தூங்காமல் இருந்திருந்தால் எட்டாம் நாளே பணம் வந்திருக்கும், ஒன்பதாம் நாள் இந்தச் செலவுக்கு அவசியமே இல்லை. அந்தத் தேதி வரிசைதான் இதைக் கோரத்தக்கதாக்குகிறது. இதே 500 யூரோவை நான்காம் நாள் பதற்றத்தில் அனுப்பியிருந்தால் கேட்க முடியாது. கடைசியாக, முதல் பரிமாற்றத்தின் கட்டணம் ரூ.590. வாக்களித்த சேவை கிடைக்கவில்லை என்பதால் அதையும் திருப்பிக் கேட்கலாம்.

மொத்தம் ரூ.4,205. அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக ரூ.5,000 கேட்கப்பட்டது. அதை நட்டத்தோடு கலக்காமல் தனி வரியில் எழுதினார்கள், அதை மறுத்தாலும் மேலே உள்ளது நிற்கட்டும் என்று.

செய்யாமல் விட்டது ஒன்றையும் சொல்ல வேண்டும். பத்தாம் நாள் கால்சென்டரில், “சார், கேன்சல் பண்ணிடுங்க, பணம் திரும்ப வந்துடும்” என்று யோசனை சொன்னார்கள். ரத்து செய்தால் யூரோ திரும்பி வரும்போது விற்ற விலையில் வாங்க மாட்டார்கள், வாங்கும் விலையில்தான் எடுப்பார்கள். 100-க்கு விற்றதை 97-க்கு எடுத்தால் 2,000 யூரோவில் 6,000 ரூபாய் போய்விடும், வழிக் கட்டணம் வேறு. தவறு நிறுவனத்துடையது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு, அதே ரூபாயைத் திருப்புவதாக உறுதி தந்தால் ஒழிய, வழியில் நிற்கும் பணத்தை ரத்து செய்வது வாடிக்கையாளருக்கு நட்டம்.

கடிதம்

கோரிக்கைக் கடிதம் ஒரே பக்கம். தமிழில் எழுதலாம். எதிர்த்தரப்பின் சட்டப் பிரிவு ஆங்கிலத்தில்தான் படிக்கும் என்பதால் ஆங்கிலப் பிரதியையும் இணைப்பது வேகத்துக்கு நல்லது. நடுப்பகுதி இப்படி இருந்தது:

> “4-ஆம் நாள் வியாழன் பிற்பகல் 12:20-க்கு உங்கள் நிறுவனத்துக்கு வந்த கேள்வியை 11-ஆம் நாள் வியாழன்தான் என்னிடம் கேட்டீர்கள் (உங்கள் மின்னஞ்சல், இணைப்பு 3). நான் இரண்டு மணி நேரத்தில் பதிலளித்தேன் (இணைப்பு 4). பெயரில் இனிஷியல் இருந்ததால் எழுந்த கேள்விக்கும், இடைநிலை வங்கி எடுத்துக்கொண்ட நாட்களுக்கும் நான் எதுவும் கோரவில்லை. கேள்வி உங்களிடம் கிடந்த ஏழு நாளால் நேர்ந்த நட்டமும், முழுத் தொகை என்ற வாக்குறுதிக்கு மாறாகக் கழிக்கப்பட்ட 20 யூரோவும், சேவைக் கட்டணமும் சேர்த்து ரூ.4,205 கோருகிறேன். கணக்கு இணைப்பு 7-இல். 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும். கூப்பன் எனக்கு வேண்டாம்.”

இணைப்புகளில் ஒவ்வொரு நாளும் எடுத்த செயலியின் ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தது. பணம் சேர்ந்ததும் செயலி பழைய நிலைகளை அழித்துவிட்டு ‘Completed’ என்று மட்டும் காட்டும். அதற்குப் பின் எடுத்தால் பயன் இல்லை. மகளின் ஜெர்மன் வங்கி அறிக்கையில் தொடர்புள்ள மூன்று வரிகளுக்கு மட்டும் பக்கத்தில் தமிழில் பொருள் எழுதி மகளே கையொப்பமிட்டார்.

நிறுவனத்தின் முதல் பதில் அதன் நிபந்தனைகளைக் காட்டியது: இடைநிலை வங்கிகளின் தாமதத்துக்குப் பொறுப்பில்லை. மறுபதில் ஒரு வரிதான். “அந்த நிபந்தனை மற்ற வங்கிகளின் தாமதத்தைப் பற்றியது, உங்கள் அஞ்சல் பெட்டியில் கிடந்ததைப் பற்றியது அல்ல.” அதன் பிறகு வங்கியின் நோடல் அதிகாரி தலையிட்டார்.

அடுத்த படி தயாராக இருந்தது

முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் `cms.rbi.org.in` வழியாகக் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலும் பேசுவார்கள். 2021 ஒருங்கிணைந்த ஓம்புட்ஸ்மேன் திட்டத்தில் நட்டத்துக்கு 20 லட்சம் வரையும், நேரம், செலவு, மன உளைச்சலுக்குத் தனியே ஒரு லட்சம் வரையும் வழங்க இடம் வைத்தார்கள். பதில் வராத நிலையில் முப்பது நாள் முடிவதற்கு முன்பே பதிவு செய்தால் புகார் அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளப்படும். இது மிகவும் அடிக்கடி நடக்கிறது. நிறுவனம் அந்தத் திட்டத்துக்குள் வராத வெறும் நாணய மாற்று நிறுவனமாக இருந்தால், புகார் ரிசர்வ் வங்கியின் நுகர்வோர் கல்வி மற்றும் பாதுகாப்புப் பிரிவுக்குப் போகும். சென்னையில் ரிசர்வ் வங்கி ராஜாஜி சாலையில்தான், கடற்கரை நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம். ஆனால் நேரில் போய் நிற்பதைவிட இணையத்தில் பதிந்து புகார் எண் வாங்குவதுதான் பின்னால் காட்ட உதவும்.

இன்னொரு வழி சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாடிக்கையாளர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சரி. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கதவையும் தட்டக் கூடாது. ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அதே விஷயத்தை ஓம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார். நாலாயிரம் ரூபாய்க்கு வாய்தாவுக்கு அலைவது கட்டுப்படியாகாது என்பதால், இத்தகைய தொகைக்கு ஓம்புட்ஸ்மேனை முதலில் தேர்ந்தெடுப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

இந்த நிகழ்வில் அவ்வளவு தூரம் போகவில்லை. கடிதம் கொடுத்த இருபத்து நான்காம் நாள் ரூ.4,205 முழுவதும் கணக்கில் வந்தது. மன உளைச்சலுக்குக் கேட்டது மறுக்கப்பட்டது. தொகையோடு “முழுமையான, இறுதித் தீர்வாக ஏற்கிறேன்” என்று ஒரு படிவமும் வந்தது. அதில் கையொப்பம் போட்டால் மீதியைக் கேட்கும் வழி மூடிவிடும். ராயபுரத்து வாடிக்கையாளர் ஒரு நாள் யோசித்தார். பிறகு ‘இறுதித் தீர்வு’ என்ற சொல்லை அடித்துவிட்டு, “நேரடி நட்டத்துக்காக ரூ.4,205 பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினார். நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. மகளின் பெயர் இப்போது செயலியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, இனிஷியல் விரிந்து, முழுசாகப் பதிவாகியிருக்கிறது.